எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெண்மை



ஒரு கடையின் பெயரையோ ஒரு பத்திரிகையின் பெயரையோ, எப்போதும் ஒரே வடிவில் எழுதப்படும் சின்னமாக அமைத்துத் தருவதை ஜீவனமாகக் கொண்டவன் நான். அப்படிப்பட்ட பெயர்ச்சின்னம் கைபேசித் திரையின் மூலையில் கடுகளவாகவும், கடைவாசலில் ஆளுயரப் பலகையாகவும் தோன்ற வேண்டியிருப்பதால், அதில் எழுத்துக்களை வரைவதைவிட, எழுத்துக்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதே அதிக நேரத்தை வாங்கும் காரியமாக இருக்கிறது. இந்த மாலை அந்த இடைவெளியைப் பற்றி மட்டுமே பேசுவதாக உத்தேசம். இரண்டு எழுத்துக்கள் அக்கம்பக்கமாக வரும்போது அந்த ஜோடிக்கென்று தனியாக இடைவெளியைத் திருத்துவதைக் கெர்னிங் என்றும், சொல் முழுவதற்கும் ஒரே அளவாக இடைவெளியைக் கூட்டுவதையோ குறைப்பதையோ டிராக்கிங் என்றும் இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறோம். இந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் இன்று வேறு பரிபாஷை வேண்டியதில்லை.

'பட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காற்றாடி விற்கும் ஒரு கடைக்கு இதைப் பெயர்ச்சின்னமாக எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டு, கோடெல்லாம் ஒரே பருமனாக உள்ள எளிய எழுத்தில், கட்டம் போட்ட வரைபடத்தாளில் அதை எழுதிப் பார்ப்போம். இந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதில் உள்ள ப இரண்டு பக்கமும் நேரான தூண்களை உடையது. மேலே மட்டும் திறந்தது. அடுத்து வரும் இரண்டு ட-க்களும் இடப்பக்கம் ஒரு தூணும், அதன் அடியிலிருந்து வலப்பக்கம் நீளும் ஓர் அடிக்கோடும் மட்டுமே கொண்டவை. அவற்றின் வலப்பக்கம் வாசற்கதவு இல்லாத திண்ணையைப் போல வெட்டவெளியாகக் கிடக்கிறது. கடைசியில் வரும் ம இடப்பக்கம் நேர்த்தூணோடு தொடங்கி வலப்பக்கம் வளைந்து முடிகிறது. ஆகவே இச்சொல்லில் முதல் ஜோடியில் தூணும் தூணும் எதிரெதிராக நிற்கின்றன. அடுத்த இரண்டு ஜோடிகளில் ட-வின் வெட்டவெளிக்கு எதிரே ஒரு தூண் நிற்கிறது. தமிழில் இடைவெளியின் கஷ்டம் முழுவதும் இந்த நான்கே எழுத்துக்களில் அடங்கியிருக்கிறது.

எழுத்தின் உயரம் 60 கட்டம், தூணின் பருமன் 9 கட்டம், அடிக்கோட்டின் பருமன் 8 கட்டம், ப-வின் இரு தூண்களுக்கு நடுவே 34 கட்டம், ட-வின் அடிக்கோடு தூணைத் தாண்டி 33 கட்டம் என்று வரைந்துகொள்ளுங்கள். இப்போது இத்தொழிலுக்குப் புதியவர் யாரும் செய்வது போல, ஒவ்வொரு எழுத்தின் முடிவுக்கும் அடுத்த எழுத்தின் தொடக்கத்துக்கும் நடுவே அளவுகோலை வைத்துச் சரியாக 22 கட்டம் விடுங்கள். அளவுகோலின்படி மூன்று இடைவெளிகளும் சமம். தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் முன்னே ப-வும் ட்-டும் நெருங்கி ஒரு கருமையான திரளாக நிற்க, பின்னே இரண்டு இடங்களில் பல் விழுந்தது போல ஓட்டை தெரிகிறது.

கட்டங்களை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் பிரத்தியட்சமாக விளங்கும். ப-வுக்கும் ட்-டுக்கும் நடுவே உள்ள வெண்மை 22 கட்டம் அகலமும் 60 கட்டம் உயரமும் உள்ள ஒரு பட்டை; மொத்தம் 1,320 கட்டங்கள். ட்-டுக்கும் ட-வுக்கும் நடுவே வரும்போதோ, விட்ட இடமான 22 கட்டத்தோடு அடிக்கோட்டுக்கு மேலே கிடக்கும் 33 கட்டமும் சேர்ந்து, 55 கட்டம் அகலமும் 52 கட்டம் உயரமும் உள்ள வெளியாகிறது; அதோடு அடிக்கோட்டு மட்டத்தில் உள்ள சிறு துண்டையும் கூட்டினால் 3,036 கட்டங்கள். முதல் ஜோடியின் வெண்மையைப் போல இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். கண் அளப்பது கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அளப்பது இரண்டு கருமைகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் வெண்மையின் பரப்பை.

சரி, இரண்டாவது ஜோடியை நெருக்கிவிட்டால் போகிறது என்று தோன்றும். இங்கேதான் முதல் சூட்சுமம் இருக்கிறது. எவ்வளவு நெருக்குவது? இடைவெளியே இல்லாமல், முதல் ட-வின் அடிக்கோடு இரண்டாம் ட-வின் தூணைத் தொடும்வரை நெருக்கினாலும், அடிக்கோட்டுக்கு மேலே உள்ள வெளி மட்டும் 33 பெருக்கல் 52, அதாவது 1,716 கட்டமாக இருக்கிறது. முதல் ஜோடியின் 1,320-ஐ விட அப்போதும் அது அதிகந்தான். அதோடு அப்படித் தொட்டுவிட்டால் வேறொரு விபரீதமும் நேர்ந்துவிடுகிறது: ஒரு தூண், அடியில் ஒரு கோடு, மறுபுறம் ஒரு தூண் என்றால் அது ட அல்ல, ப. 'பட்டம்' என்று எழுதப் புகுந்து, படிக்கிறவர் நடுவில் இன்னொரு ப-வைக் காணும்படி செய்துவிடுகிறோம். ஆங்கில எழுத்தில் எல் என்ற எழுத்துக்கும் இதே திறந்த வலப்பக்கம் உண்டு. ஆனால் அதை அடுத்த எழுத்தின்மேல் இடித்துவிட்டால் பார்ப்பதற்கு அவலட்சணமாக இருக்குமே தவிர, அது பெரும்பாலும் வேறோர் எழுத்தாக மாறிவிடாது. தமிழில் ட-வின் அடிக்கோட்டு முனைக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு சந்து அழகுக்காக மட்டும் இருப்பதன்று. எழுத்து இன்னதென்று அறிவிக்கும் அங்கமும் அதுவே.

ஆகவே நெருக்குவதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லைவரை நெருக்கியும் வெண்மை சமமாகவில்லை. இந்த நிலையில் செய்யக்கூடிய காரியம் ஒன்றே: மிகவும் தொல்லை கொடுக்கும் ஜோடியை முதலில் அதன் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒழுங்காக இருந்த மற்ற ஜோடிகளை அதற்கு ஈடாகத் தளர்த்துவது. பெரும்பாலோர் சொல்லின் முதல் ஜோடியில் தொடங்கி, அது நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியோடு வலப்பக்கம் நகர்ந்து போகிறார்கள். கடினமான ஜோடிக்கு வந்து சேரும்போது அவர்கள் கைவசம் மருந்து தீர்ந்துபோயிருக்கும்.

இந்த உபாயம் புதியதன்று. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனக்கென்று ஓர் உலோக உடலின்மேல் நின்றது. இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே இடம் கூட்ட வேண்டுமானால் மெல்லிய தகட்டைச் செருகினால் போதும். குறைக்க வேண்டுமானால் உலோக உடலையே அரத்தால் ராவவோ வெட்டவோ வேண்டும். சில எழுத்துக்களின் முகம் மட்டும் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த எழுத்தின் தோளின்மேல் சாய்ந்திருக்கும். அப்படி நீண்ட பாகத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கெர்ன் என்று பெயர். எளிதில் ஒடிந்துபோகக்கூடியது அது. குறைப்பது கடினம், கூட்டுவது சுலபம் என்ற அந்த நிர்ப்பந்தத்தினாலேயே நல்ல அச்சுக்கோப்பாளர் தலைப்புகளைக் கோக்கும்போது, குறைக்க முடியாத ஜோடியைப் பிரமாணமாக வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தகடு செருகினார்கள்.

ஜெர்மனியில் பிறந்த யான் சிகோல்ட் என்ற அச்சுக்கலைஞர் 1947-ஆம் ஆண்டு லண்டன் சென்று, 1949 வரை பெங்குவின் புத்தகங்களின் அமைப்பைச் சீர்செய்தார். தலைப்புப் பக்கங்களில் பெரிய எழுத்துக்களுக்கு நடுவே ஒரே பருமனுள்ள தகடுகளையே செருகிக்கொண்டிருந்த அச்சகங்களிடம், கண்ணுக்குத் தெரியும் மதிப்பின்படி இடைவெளியைச் சமப்படுத்துங்கள் என்று ஒவ்வொரு படியிலும் எழுதி எழுதி அலுத்து, கடைசியில் அந்த உத்தரவையே ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்து குத்தி அனுப்பினார் என்றும், அதன் பிறகும் நெடுநாள் வரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். தகட்டின் பருமன் சமமாக இருந்தால் இடைவெளியும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. இன்றைய கணினியில் குறைப்பதும் கூட்டுவதும் ஒன்றுபோலச் சுலபம் என்றாலும், பட்டம் என்ற சொல்லில் உள்ள ட-வைப் போன்ற எழுத்து வந்துவிட்டால் பழைய ஈய எழுத்தின் நிர்ப்பந்தம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

நம் சொல்லுக்கு வருவோம். இது நாம் வரையும் சின்னமாகையால், எழுத்தின் வடிவத்தையே சிறிது மாற்றிக்கொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு. ட-வின் அடிக்கோட்டை 33 கட்டத்திலிருந்து 26 கட்டமாகக் குறைக்கிறேன். அதற்குமேல் குறைத்தால் ட முடமாகிவிடும். அடிக்கோட்டு முனைக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே 11 கட்டம் விடுகிறேன். இது தூணின் பருமனைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் கண்ட கணக்கு. கருமையைவிடக் குறுகிய வெண்மையைக் கண் சந்தாகக் கருதாமல் கோட்டில் விழுந்த விரிசலாகக் கருதிவிடுகிறது. இப்போது அந்த வெளியின் பரப்பு 2,012 கட்டம். அடுத்து, ப-வுக்கும் ட்-டுக்கும் நடுவே இருந்த 22 கட்டத்தை 29 ஆக்குகிறேன். அதன் பரப்பு 1,740 கட்டமாகிறது. ப-வின் வயிற்றுக்குள்ளே உள்ள வெண்மையையும் எண்ணிப் பாருங்கள்: 34 பெருக்கல் 52, அதாவது 1,768. எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெண்மையும் எழுத்துக்களுக்கு நடுவே இருக்கும் வெண்மையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. சொல் ஒரே இழையாக நெய்த துணியைப் போலத் தோன்றுவது இந்தப் பொருத்தத்தினால்தான். நடுவெண்மை உள்வெண்மையைவிட அதிகமாகிவிட்டால், சொல் தனித்தனி எழுத்துக்களாக உதிர்ந்துவிடும்.

ட-வின் பக்கத்தில் இன்னும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெண்மை மிச்சமாக இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பரப்பை எண்ணுவது நோயின் காரணத்தைக் காட்டும் கருவியாகும். மருந்தின் அளவை அது கடைசித்துளி வரை சொல்லிவிடாது. அடிக்கோடும் தூணும் சந்திக்கும் மூலையில் ஆழத்தில் கிடக்கும் வெண்மையைக் கண் ட-வுக்குச் சொந்தமானதாகவே பாவித்து, நடுவெளியின் கணக்கில் முழுதாகச் சேர்ப்பதில்லை. எவ்வளவு சேர்க்கிறது என்பதற்கு நான் அறிந்தவரையில் சூத்திரம் கிடையாது. வரைகலை மென்பொருள்களில் கெர்னிங் கட்டத்தில் Optical என்று ஒரு தேர்வு இருக்கும். அது எழுத்துக்களின் உருவத்தைப் பார்த்துத் தானே இடைவெளியைக் கணிக்க முயல்கிறது. தொடக்கமாக வைத்துக்கொள்ள அது பிரயோஜனப்படும். முடிவாக வைத்துக்கொள்ளத் தகாது. நடுச்சந்து மூடினால் ட ப-வாகிவிடும் என்பது அதற்குத் தெரியாது.

புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ட்-டின் தலைக்குமேல் புள்ளி நிற்கிறது. இரண்டாம் ட-வுக்கு அது இல்லை. புள்ளி எழுத்தின் உயரத்துக்கு வெளியே இருந்தாலும், திறந்த வெளிக்கு மேலே ஒரு மூடியைப் போல நின்று, அந்த வெளியைச் சற்றுச் சிறிதாகக் காட்டுகிறது. அதனால் எண்ணில் ஒன்றாக இருக்கும் இரண்டு சந்துகளில் இரண்டாவது கொஞ்சம் அதிகமாகத் திறந்திருப்பதாகத் தோன்றும். இரண்டாவதை 11-லிருந்து 10 ஆக்கினேன், தோற்றம் நேராகிவிட்டது. பார்த்தால்தான் தெரியும், பார்க்காதவருக்குச் சொல்லி விளங்காது என்று இத்தொழிலில் சொல்லப்படும் விஷயங்களில் இது ஒன்று. எண்ணி விளங்க வைக்க முடிந்தவற்றையெல்லாம் எண்ணி முடித்த பிறகு எஞ்சுவது இந்த ஒரு கட்டந்தான்.

டிராக்கிங்கால் இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் எழுதிய சமதூரச் சொல்லில் எல்லா இடைவெளிக்கும் 10 கட்டம் கூட்டிப் பாருங்கள். வெண்மைகளின் விகிதம் இரண்டேகாலுக்கு மேலிருந்து இரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. தண்ணீர் ஊற்றிய குழம்பில் உப்பு குறைந்ததாகத் தோன்றுவது போல வித்தியாசம் மங்குகிறது. கூடவே சொல்லும் நீர்த்துப்போகிறது. ஜோடிகளைத் திருத்திய பிறகே டிராக்கிங் என்ற வரிசையை ஒருபோதும் மாற்றக் கூடாது.

இப்படித் திருத்திய சொல்லை எப்படிச் சோதிப்பது? நான் செய்வது இதுதான். தாளைத் தலைகீழாகத் திருப்புகிறேன். படிக்க முடியாதபோது சொல் மறைந்து உருவம் மட்டும் நிற்கிறது. கண்ணைப் பாதி மூடி இமைமயிரின் வழியாகப் பார்க்கிறேன். கருந்திரள் இருந்தால் முந்திக்கொண்டு தெரியும். பிறகு இரண்டு அட்டைத் துண்டுகளால் மற்றவற்றை மறைத்து, ஒரே சமயத்தில் மூன்று எழுத்துக்களை மட்டும் பார்த்து, நடுவில் உள்ள எழுத்து இடவலமாக எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று எழுத்துக்களாகப் பார்த்தால் இரண்டு வெண்மைகள் ஒன்றோடொன்று ஒப்பிட எதிரே வந்து நிற்கின்றன. இரண்டு எழுத்துக்களாகப் பார்த்தால் ஒரே வெண்மைதான் இருக்கும். அதை எதனோடு ஒப்பிடுவது? இவ்வளவும் செய்த பின் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். வெகுநேரம் உற்றுப் பார்த்த கண் தன் தோஷத்தைத் தானே நியாயப்படுத்திக்கொள்ளும்.

இனி இந்த விஷயத்தின் கடினமான பாகம். எந்த அளவிலும் சமமாகத் தோன்றும் சின்னம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். கணிதக் கோடுகளாக வரைந்த கோப்பைத் தந்துவிட்டால், அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விகிதம் மாறாது. ஆகவே தோற்றமும் மாறாது என்ற அபிப்பிராயம் பரவியிருக்கிறது. விகிதம் மாறாது என்பது வாஸ்தவம். தோற்றம் மாறாது என்பது வாஸ்தவமன்று; ஏனென்றால் பார்க்கும் கண்ணும், காட்டும் திரையும், உறிஞ்சும் காகிதமும் சின்னத்தோடு சேர்ந்து சிறிதாவதில்லை.

திரையை முதலில் எடுத்துக்கொள்வோம். திரை என்பது பிக்சல் என்ற சிறு சதுரங்களால் ஆனது; ஒவ்வொரு சதுரமும் முழுதாக ஒரே நிறத்தில்தான் ஒளிரும். ஒரு சந்தின் அகலம் ஒரு பிக்சலாக இருந்து, அது இரண்டு சதுரங்களின்மேல் பாதிபாதியாக விழுந்தால், இரண்டுமே சாம்பல் நிறமாகுமே ஒழிய, எங்கும் சுத்தமான வெண்மை தெரியாது. சந்து எங்கே விழுந்தாலும் ஒரு சதுரமாவது முழு வெண்மையாக இருக்க வேண்டுமானால், அதன் அகலம் இரண்டு பிக்சலுக்குக் குறையக் கூடாது. நம் சொல்லில் மிகக் குறுகிய சந்து 10 கட்டம். அது இரண்டு பிக்சல் ஆக வேண்டுமானால் ஒரு பிக்சலுக்கு 5 கட்டம், எனவே 60 கட்ட உயரமுள்ள எழுத்து 12 பிக்சல் உயரமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், முதல் சந்து தெளிவாகவும் இரண்டாம் சந்து மங்கலாகவும், அல்லது இரண்டுமே மூடியும் போய், ட-க்கள் ப-வாகத் தொடங்கிவிடும். தாளில் அவ்வளவு கவனமாகச் சமப்படுத்திய வெண்மைகள் சதுரங்களின் தற்செயலால் மறுபடி கோணிப்போகும்.

ஆகையால் சிறிய அளவுக்கென்று இரண்டாவதாக ஒரு சித்திரம் வரைய வேண்டியிருக்கிறது. அதில் ட-வின் சந்துகளை 17 ஆகவும் 16 ஆகவும் திறக்கிறேன். சந்து திறந்தால் அதன் வெளியும் பெரிதாகிறது, 2,372 கட்டம். ஆகவே ப-வுக்கும் ட்-டுக்கும் நடுவே 36 கட்டம் விட்டு 2,160 ஆக்குகிறேன். நடுவெண்மை வளர்ந்துவிட்டபடியால் உள்வெண்மையும் வளர வேண்டும். ப-வின் வயிற்றை 34-லிருந்து 42 கட்டமாக அகட்டுகிறேன், 2,184 கட்டம். இடைவெளியை மட்டும் தளர்த்திவிட்டு எழுத்தை அப்படியே விட்டால், சொல் உதிர்ந்துவிடும் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் இது. இந்தச் சித்திரம் 8 பிக்சல் உயரம் வரை தாங்கும். அதற்கும் கீழே சொல்லாகவே காட்ட முயல்வது வீண். ப என்ற ஒற்றை எழுத்தையோ ஒரு காற்றாடியின் உருவத்தையோ வைத்துக்கொள்வதே மேல். இந்தச் சிறிய சித்திரத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால், அகட்டி நிற்கும் கால்களைப் போல விகாரமாக இருக்கும். இருக்கட்டும், அது சுவருக்காக வரைந்ததன்று. செய்தித்தாளில் சிறிதாக அச்சாகும்போதும் இதையே கொடுக்கலாம். மை பரவித் தூண்கள் தடித்துச் சந்துகள் குறுகும் இடம் அது.

சிறியது எது, பெரியது எது என்பதில் ஒரு மயக்கம் உண்டு. எழுத்து 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கடைப்பலகையைப் பெரிய அளவு என்று எல்லோரும் சொல்வார்கள். அதைத் தெருவின் கோடியில், 60 மீட்டர் தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு, கையில் 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த அட்டையில் 2 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சான எழுத்து எவ்வளவோ, அவ்வளவுதான் அது. கண்ணில் விழும் கோணம் இரண்டுக்கும் ஒன்றே. அந்தப் பலகையில் 11 கட்டச் சந்து என்பது ஐந்தரை சென்டிமீட்டர். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைந்ததைச் சாதாரணக் கண் பிரித்தறிவதில்லை என்பதால், சுமார் 190 மீட்டர் தூரத்தில் அந்தச் சந்து, நல்ல பார்வை உள்ளவருக்கும், நல்ல வெளிச்சத்திலும் மறைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையோரப் பலகைக்கு ஆகையினால் சிறிய சித்திரத்தையும், வாடிக்கையாளர் மூன்று அடி தூரத்தில் நின்று பார்க்கும் உட்சுவருக்குப் பெரிய சித்திரத்தையும் கொடுக்கிறேன். மீட்டர் கணக்கைப் பார்த்துச் சின்னத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நேர்மாறாகச் செய்துவிடுகிறார்கள்.

இரவில் உள்ளே விளக்கெரியும் பலகை தனி விஷயம். கரிய பின்னணியில் ஒளிரும் எழுத்து தன் எல்லையைத் தாண்டி வீங்கித் தெரியும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒளி வழிந்து சந்தை நிரப்பும். அதற்கும் சிறிய சித்திரமே தகும். தூணின் பருமனையும் ஒரு கட்டம் குறைத்துக்கொள்ளலாம். கறுப்பில் வெள்ளையாக அச்சாகும் அட்டைக்கும் இதில் பாதியளவு எச்சரிக்கை வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு கடைக்கு நான் எழுதித் தந்த பெயரில் ட இரண்டு இடத்தில் வந்தது. நான் மேலே சொன்ன விதமாகவே ஜோடி ஜோடியாகத் திருத்திக் கொடுத்திருந்தேன். திறப்பு விழாவுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தபோது, எழுத்துக்கள் எல்லாம் என்னுடையவையாகவும் இடைவெளிகள் யாருடையவோவாகவும் இருந்தன. தனித்தனியாக வெட்டிய எழுத்துக்களைச் சுவரில் பதிக்க வந்தவர், நான் கொடுத்த படத்தில் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதைக் கண்டு, இது கைத்தவறு என்று நல்லெண்ணத்தோடு முடிவு செய்து, அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் சமமாக்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்வது தர்மமன்று. மிகுந்த சிரத்தையோடு செய்த வேலை அது. ஒவ்வோர் இடைவெளியும் நூல் பிசகாமல் ஒரே அளவாக இருந்தது. படத்தில் எண்களை எழுதாமல் விட்டதும், வேறுபாடு வேண்டுமென்றே செய்தது என்று ஒரு வரி எழுதாமல் விட்டதும் என் பிழை. சுவரில் துளையிட்டுப் பதித்த எழுத்துக்களை நகர்த்துவதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. அந்தப் பலகை வெகுகாலம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நான் எந்தச் சின்னத்தையும் கோப்பாக மட்டும் கொடுப்பதில்லை. சொல்லை முழுதும் ஒரே உருவமாகக் கோடாக்கி, எழுத்துரு இல்லாத கணினியிலும் இடைவெளி கலையாதபடி செய்து, இரண்டு சித்திரங்களுக்கும் எந்தெந்த உயரம் வரை என்று எழுதி வைக்கிறேன். சுவருக்குப் போகும் வேலையானால், சொல் முழுவதையும் சுவரில் வரும் அதே அளவில் ஒரே காகிதத்தில் அச்சிட்டு, எழுத்தின் ஓரங்களில் ஊசியால் துளையிட்டுக் கொடுக்கிறேன். காகிதத்தைச் சுவரில் ஒட்டிச் சுண்ணப்பொடியைத் தட்டினால் எழுத்து நிற்க வேண்டிய இடம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுந்துவிடும். உங்களில் யாராவது நாளைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டப் போகிறவராக இருந்தால், பதிக்க வருகிறவரிடம் அளவுகோலுக்குப் பதிலாக அந்தக் காகிதத்தைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.